தலையணையின் பள்ளம் படத்தில் தெரிவது எதனால்?

வெள்ளை உறை போட்ட இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை மேசையில் வைத்து, கேமராவில் உள்ள ஃபிளாஷ் எரிய ஒரு படம் எடுத்துப் பார்த்தால், கையில் தூக்கியபோது புசுபுசுவென்று இருந்த பொருள் படத்தில் வெட்டி ஒட்டிய வெள்ளைத் தாளைப் போலத் தட்டையாகத் தெரியும். பஞ்சிலோ கேமராவிலோ குறை இல்லை. வெளிச்சம் வந்த திசைதான் இதற்குக் காரணம்.

பளபளப்பில்லாத துணியின் ஒரு பகுதி எவ்வளவு வெளிச்சம் பெறும் என்பது, அந்தப் பகுதி விளக்கை நோக்கி எந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1760-இல் யோஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட் எழுதிய விதிப்படி, பரப்புக்குச் செங்குத்தான கோட்டுக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைன் மதிப்பே அந்த அளவு. விளக்கு தலையணைக்கு நேர் எதிரே இருந்தால் சமமான பகுதி பெறும் ஒளியை 100 என்று கொள்வோம். 10 பாகை சரிந்த பகுதி 98.5 பெறும். இந்த வேறுபாட்டைக் கண் கண்டுகொள்வது கடினம். அதே விளக்கை இறக்கி, துணிப்பரப்புக்கு மேல் 15 பாகையில் பக்கவாட்டில் வைத்தால், சமமான பகுதிக்கு 26, விளக்கை நோக்கி 10 பாகை சரிந்த பகுதிக்கு 42, எதிர்ப்புறம் சரிந்த பகுதிக்கு வெறும் 9 என்று ஆகிவிடுகிறது. அதே துணியில், அதே சரிவில், ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாடு கிடைக்கிறது. மென்மை என்று நாம் படத்தில் உணர்வது, வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இப்படிப் படிப்படியாக இறங்கும் மாற்றத்தைத்தான்.

அப்படியானால் விளக்கை எப்போதும் தாழ்த்தியே வைத்துவிடலாமே என்று தோன்றும். தலையணையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் அதன் சிக்கல் விளங்கும். பள்ளத்தின் சுவர் 15 பாகையைவிடச் செங்குத்தாக இறங்குவதால், விளக்கின் பக்கமுள்ள சுவருக்கு நேரடி ஒளி எட்டாமல் போய், பள்ளம் கரிய ஓட்டையாகத் தெரிகிறது. பார்ப்பவருக்கு அது மென்மையாகத் தோன்றாமல் கிழிசலாகவே தோன்றும். ஆகவே பள்ளத்தைக் காட்டும் படத்துக்கு விளக்கை 35 பாகை அளவுக்கு உயர்த்தி, அதன் முன் பெரிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டி, எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்த வேண்டும். ஒளிதரும் பரப்பு பெரிதாகும்போது நிழலின் விளிம்பு கரைகிறது. அட்டையில் பட்டுத் திரும்பும் ஒளி பள்ளத்தின் அடியைத் துலக்குகிறது. உள்ளே இருக்கும் பொருளையும் கவனிக்க வேண்டும். இலவம்பஞ்சில் கையை எடுத்த பிறகும் பள்ளம் நிற்கும், அதனால் நிதானமாகப் படமெடுக்கலாம். பாலியெஸ்டர் பஞ்சு உடனே எழும்பிவிடுவதால் கை அழுத்தியிருக்கும்போதே எடுத்தாக வேண்டும். விரல்களைச் சுற்றி நாலாபுறமும் ஓடும் மெல்லிய சுருக்கங்கள்தான் அழுத்தத்தின் சான்று என்பதால், அவற்றைக் கணினியில் அழித்துவிடுவது பெரும் தவறு என்பேன்.

நெசவுக்கோ தாழ்ந்த விளக்கே ஏற்றது. நூல் துணிக்கு மேல் எழும்பி நிற்கும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். 15 பாகையில் வரும் ஒளியில் அதன் நிழல் உயரத்தைப் போல் சுமார் 3.7 மடங்கு நீண்டு விழுவதால் இழை இழையாகத் தெரிகிறது. ஆனால் முழு மெத்தையின் படத்தில் இதை எதிர்பார்க்கக் கூடாது. 2 மீட்டர் அகலக் காட்சியை 6000 பிக்சல்களில் பதிந்தால் ஒரு பிக்சலுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வருகிறது. நூல்களின் இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால், துணியில் இல்லாத அலையலையான வரிகள் படத்தில் தோன்றும். கேமராவைச் சற்று முன்னே பின்னே நகர்த்தும்போது அந்த வரிகள் வடிவம் மாறினால் அவை பொய்யானவை என்று அறியலாம். எனவே நெசவுக்கு நெருங்கிச் சென்று தனிப்படம் எடுப்பதே வழி.

ஓரத் தையலில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒளி செல்லும் திசையிலேயே ஓடும் வரம்புக்கு நிழல் விழாது. மெத்தையின் நீளப் பக்கத்துக்குச் செங்குத்தாக விளக்கை வைத்தால், நீளவாட்டில் ஓடும் பைப்பிங் எனும் புடைத்த ஓரப் பட்டி எடுப்பாகத் தெரியும். அகலவாட்டில் ஓடுவதோ மங்கிவிடும். விளக்கை மூலைக்கு எதிரே, குறுக்குச் சாய்வாக நகர்த்தினால் இரு பக்கத் தையலும், பாவும் ஊடும்கூட, ஒருசேரத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை விளிம்பு கரைந்துபோனால், படச் சட்டத்துக்கு வெளியே மெத்தையின் ஓரத்தை ஒட்டிக் கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்தலாம். விளிம்பில் மெல்லிய சாம்பல் கோடு படிந்து தையலைப் பிரித்துக் காட்டும்.

இவ்வளவும் செய்தபின் படத்தில் பதியும் ஒளியின் அளவு கூடிவிட்டால் எல்லாம் வீணாகும். படத்தில் வெளிச்சம் எண்ணாகப் பதியும் 0 முதல் 255 வரையிலான அளவில் துணியின் மிக வெளிச்சமான பகுதி 240-ஐத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். 255-ஐத் தொட்ட இடத்தில் நூலும் நூலிடைவெளியும் ஒரே எண்ணாகப் பதிந்துவிடுவதால், பின்னர் அந்த இடத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் நெசவு திரும்பாது, சாம்பல் பூச்சு மட்டுமே மிஞ்சும்.