மண் தாங்குற சுவருக்குக் கணக்கு ரிப்போர்ட்: சபையில என்ன பாப்பாங்க?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பள்ளக்காணிய கிறவல் போட்டு உயத்தி வீடு கட்டுறவங்க, ஓரத்துல மண் சரியாம சுவர் வைக்கிறது வழமை. இது சும்மா மதில் இல்ல, மண்ணைத் தாங்குற சுவர், அதால பில்டிங் அப்ளிகேஷனோட பொறியியலாளர் கையெழுத்து வச்ச கணக்கு ரிப்போர்ட்டும் சபையில கேக்கலாம். அதுல பாக்க வேண்டியது மூண்டு: சுவர் வழுக்குமா, கவிழுமா, அடிமண் தாங்குமா.

ஒரு கணக்கு பாப்பம். கருங்கல் சுவர், அத்திவாரத்தோட 2 மீட்டர் உயரம், மேல 0.4, அடில 1 மீட்டர் அகலம், மண் பக்கம் நேரா, முன்பக்கம் சரிவு. மண்ணின்ட பாரம் ஒரு கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30 பாகை எண்டு எடுத்தா, ஒரு மீட்டர் நீளத்துக்கு மண் தள்ளுறது 12 கிலோநியூட்டன். அதே நீளத்துக்கு சுவரின்ட பாரம் 30.8 கிலோநியூட்டன். கவிழுறதுக்கு எதிரான பாதுகாப்பு 2.4 வருது, வழமையா கேக்குறது 2, சரி. அடிமண் அழுத்தம் சதுர மீட்டருக்கு முன் ஓரத்துல 55 கிலோநியூட்டன், பின் ஓரத்துல 7, சாதாரண மணல்ல பிரச்சினை இல்ல. ஆனா வழுக்கல்? அடி உராய்வு 0.45 எண்டா 30.8 × 0.45 = 13.9, அத 12ஆல பிரிச்சா 1.16 தான், தேவை 1.5. ஃபெயில். கவிழுமா எண்டு மட்டும் பாத்து ஓகே சொல்ற ஆக்கள் இங்கதான் கோட்டை விடுறாங்க.

அடிய 1.45 மீட்டராக்கினா பாரம் 40.7, வழுக்கலுக்கு 1.53 வந்துரும். முன்பக்க மண் எதிர்த்துத் தள்ளும் எண்டு அதையும் கூட்டி எழுதி பாஸாக்கினா நம்பாதீங்க, நாளைக்கு ஆராவது அந்த இடத்துல வடிகான் வெட்டினா அது போயிரும்.

இப்பதான் முக்கியமான விசயம். இந்த 12 காஞ்ச மண்ணுக்குத்தான். மார்கழி மழைல சுவருக்குப் பின்னால தண்ணி முழுசா நிண்டா, தள்ளுறது 25க்கு மேல போகும், அதுல தண்ணி மட்டுமே 19.6. அதே 1.45 சுவர்ல வழுக்கல் 0.7க்கு இறங்கும், அதாவது சுவர் நகரும். அதால ரிப்போர்ட்டுல முதல் தேடுங்க: தண்ணிமட்டம் எங்க எடுத்திருக்கு, தண்ணி வழிய ஓட்டைகள், அதுக்குப் பின்னால கல்லு ஃபில்டர், இது பிளான்ல வரைஞ்சிருக்கா எண்டு. கணக்குல "தண்ணி வடியும்" எண்டு எழுதிட்டு பிளான்ல ஓட்டையே இல்லாட்டி ரெண்டும் பொருந்தல எண்டு அர்த்தம். வாவிப் பக்கம் எண்டா ஓட்டை வச்சாலும் வெளில தண்ணி ஏறினா வடியாது, அங்க தண்ணி அழுத்தத்தையும் சேத்துத்தான் கணக்கு போடச் சொல்லணும்.

கட்டும்போது மேசன் ஓட்டைய சீமெந்தால அடைக்காம பாருங்க, பைப்பு வாய்ல சாந்து இறுகிக் கிடக்கிறத அடிக்கடி காணலாம்.