33,000 சொன்னார்கள், 26,950 வந்தது

கிண்டியில் ஒரு நிறுவனத்தில் பல வருடங்களாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். செப்டம்பர் சம்பளம் ஏறிய மறுநாள் என் மேசைக்கு யாராவது வருவது வழக்கம். இந்த முறை வந்தவர், சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு தம்பி.

"அக்கா, வருஷத்துக்கு 3,96,000-ன்னு ஆஃபர் லெட்டர்ல இருக்கு. அப்போ மாசம் 33,000 வரணும்ல? 26,950தானே ஏறியிருக்கு!"

ஆஃபர் லெட்டரில் இருப்பது சி.டி.சி. அதாவது அவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அவர் பெயரில் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் 722, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 478 எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த 3,000 ரூபாய் சம்பளச் சீட்டின் வரவுப் பக்கம் வராது. பேசிக் 15,000, வீட்டு வாடகைக்கான எச்.ஆர்.ஏ. 7,500, சிறப்புப் படி 7,500 என்று அங்கே கூட்டினால் 30,000. அதுதான் கிராஸ். வேலைக்குச் சேரும்போது மாதக் கிராஸ் எவ்வளவு என்று கேட்டிருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

பிடித்தம் பக்கத்தில் பி.எஃப். 1,800. இது பேசிக்கில் 12 சதவீதம், கிராஸில் அல்ல. சாதாரண மாதங்களில் பிடித்தம் இதோடு சரி, கைக்கு 28,200 வந்துவிடும். செப்டம்பரில் தொழில் வரி 1,250 சேர்ந்துகொண்டது. சென்னை மாநகராட்சி இதை அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது. எங்கள் அலுவலகத்தில் செப்டம்பரிலும் மார்ச்சிலும் பிடிப்போம். தம்பியின் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. கிராஸ் 21,000-ஐத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ.யும் இல்லை.

சரி என்று போனவர், இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தார். கையில் போன், அதில் பி.எஃப். பாஸ்புக்.

"என் பங்கு 1,800 இருக்கு. கம்பெனி பங்கு 550தான் போட்டிருக்காங்க. மீதி எங்கே அக்கா?"

நல்ல கேள்வி. சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். பென்ஷன் பங்கு என்று 1,250 இருந்தது. நிறுவனம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், அதுவும் 15,000 வரையிலான சம்பளத்துக்குத்தான். மிச்சம்தான் பி.எஃப். கணக்கில் சேரும். 550-ஐயும் 1,250-ஐயும் கூட்டினால் அதே 1,800.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. சீட்டில் 1,800 பிடித்திருப்பார்கள், பாஸ்புக்கில் அந்த மாதத்துக்கான பதிவே இருக்காது. ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப்.பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். பாஸ்புக்கில் ஏறச் சில நாள் பிடிக்கலாம். இரண்டு மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் சம்பளப் பிரிவுக்கு மெயிலில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் சரியில்லை என்றால், அந்தச் சீட்டுகளை இணைத்து பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர் தளத்தில் புகார் செய்யலாம். சீட்டை மாதாமாதம் இறக்கி உங்கள் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட அன்றே அலுவலக லாகினை மூடிவிடுவார்கள்.