போர்ட்டைத் திறந்தும் வெளியிலிருந்து இணைப்பு வராதது ஏன்?

வீட்டுக் கணினியில் மைன்கிராஃப்ட் சர்வர் நிறுவி, ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டைத் திறந்துவிட்ட பிறகும் வெளியூர் நண்பர்களால் சேர முடியவில்லை என்றும், வீட்டு வைஃபையில் மட்டும் எல்லாம் சரியாக இயங்குகிறது என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வீட்டு கேமராவை வெளியிலிருந்து பார்க்க முயல்பவர்களும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ரவுட்டரில் எழுதிய விதி சரியாக இருந்தால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது இணைய நிறுவனம் தன் பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு முகவரி மாற்றியை. அதற்கு சிஜிநாட் என்று பெயர்.

வீட்டு ரவுட்டர் செய்வதும் முகவரி மாற்றம்தான். 192.168.1.20 என்ற கணினி வெளியே ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது, ரவுட்டர் அனுப்புநர் முகவரியைத் தன்னுடையதாக மாற்றி, எந்தக் கணினியின் எந்தப் போர்ட்டுக்காக மாற்றியது என்பதைத் தன் அட்டவணையில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்கிறது. பதில் திரும்பும்போது அந்த வரியைப் பார்த்துத்தான் உரிய கணினிக்கு அனுப்புகிறது. இந்த ஏற்பாட்டின் அழகும் தொல்லையும் ஒன்றே: வெளியே செல்லும் பாக்கெட்தான் வரியை உண்டாக்கும், யாரும் கேட்காமல் உள்ளே வரும் பாக்கெட்டுக்கு வரி இருக்காது, ஆகவே அது கைவிடப்படும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த அட்டவணையில் நாமே கையால் எழுதிவைக்கும் நிரந்தர வரி.

இப்போது ரவுட்டருக்கு மேலே இதே வேலையைச் செய்யும் இன்னொரு பெட்டி இருப்பதாகக் கொள்வோம். நண்பரின் பாக்கெட் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. அதன் பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், 25565க்கு வந்த பாக்கெட் யார் வீட்டுக்குரியது என்று சொல்லும் வரி அங்கே இல்லை. பாக்கெட் அங்கேயே முடிந்துபோகிறது. நாம் எழுதிய விதி பிழையற்றது. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டிய பாக்கெட் ரவுட்டரை எட்டவே இல்லை.

ஊகத்தைச் சோதிப்பது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் WAN IP என்ற இடத்தில் 100.72.14.9 என்றும், நம் முகவரியைக் காட்டும் இணையதளத்தில் 203.0.113.45 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறுபட்டால் இடையில் ஒரு மாற்றி இருக்கிறது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான தொகுதி இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டது என்பதால், இந்த எடுத்துக்காட்டில் சிஜிநாட் என்றே முடிவுசெய்யலாம். 10 அல்லது 192.168 என்று தொடங்கினால் அவசரப்படக் கூடாது. நிறுவனம் பொருத்திய ஃபைபர் மோடமே ஒரு ரவுட்டராக இயங்கி, நம் ரவுட்டர் அதன் பின்னால் இருக்கலாம். அப்படியானால் மோடத்தை, முகவரி மாற்றாமல் பாக்கெட்டை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் போதும். விண்டோஸ் கட்டளைத் திரையில் இன்னொரு சோதனை:

```
tracert 203.0.113.45
```

பொது முகவரி நம் ரவுட்டருடையதே என்றால் பாதை முதல் படியிலேயே முடியும். அதற்கு மேலும் படிகள் தெரிந்தால் முகவரி வேறெங்கோ இருக்கிறது. இணைப்பைச் சோதிக்கும் கைபேசியும் வைஃபையில் அல்லாமல் மொபைல் டேட்டாவில் இருக்க வேண்டும்.

நிறுவனங்கள் இப்படிச் செய்வதற்குக் காரணம் பற்றாக்குறை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் 32 பிட் முகவரிகள்தான் உண்டு, அவை எல்லாருக்கும் போதாது. ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரிகளை வழங்கும் ஏப்னிக் அமைப்பு 2011 ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது.

இந்த நிலையில் ரவுட்டரை மீண்டும் மீண்டும் ரீசெட் செய்வதும், வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கணினிக்கு அனுப்பும் டிஎம்இசட் வசதியை இயக்கிப் பார்ப்பதும் பரிகாரம் செய்வது போலத்தான். பின்னதால் தீங்கும் உண்டு: சிஜிநாட் நீங்கும் நாளில் அந்தக் கணினி முழுவதுமாக வெளியுலகுக்குத் திறந்து நிற்கும். செயலிகள் கேட்டபடி ரவுட்டர் தானாகத் திறந்த போர்ட்களைக் காட்டும் யுபிஎன்பி பட்டியலில் போர்ட் திறந்திருப்பதாகத் தெரிவதும் சான்றாகாது. ரவுட்டர் தன் அட்டவணையை மட்டுமே அறியும்.

உண்மையான வழிகள் சில உண்டு. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டுப் பெறலாம். பெரும்பாலும் கட்டணம் இருக்கும். இணைப்பில் முகவரிப் பற்றாக்குறை இல்லாத புதிய முறையான ஐபிவி6 இருந்தால் முகவரி மாற்றமே தேவையில்லை. ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்தக் கணினிக்கு மட்டும் அனுமதி தர வேண்டும், நண்பரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும். என் கருத்தில் நிறுவனங்கள் தள்ளிப்போடாமல் எல்லாருக்கும் தர வேண்டியது ஐபிவி6தான்.

இரண்டும் கிடைக்காதபோது, பொது முகவரியுள்ள வாடகை சர்வர் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஒயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளால் சுரங்கம் அமைக்கலாம். இணைப்பு வீட்டிலிருந்து தொடங்குவதால் இரு பெட்டிகளின் அட்டவணையிலும் தேவையான வரி தானாக உண்டாகிறது. நண்பர்கள் வாடகை சர்வரின் முகவரிக்கு வந்து சுரங்கம் வழியே வீட்டை அடைவார்கள். ஒயர்கார்டு யுடிபி முறையில் இயங்குகிறது. போக்குவரத்து இல்லாத யுடிபி வரிகளை மாற்றிகள் சில நிமிடங்களில் அழித்துவிடும் என்பதால், வீட்டுப் பக்க அமைப்பில் `PersistentKeepalive = 25` என்று எழுதி, 25 விநாடிக்கு ஒரு சிறு பாக்கெட் போய்க்கொண்டிருக்கும்படி செய்ய வேண்டும்.