உட்பொருள் சோதனை: ‘பித் அண்ட் சப்ஸ்டன்ஸ்’

மும்பையில் மாட்டுங்கா, சயான் பக்கம் மதுக்கடைப் பலகைகளில் ‘பர்மிட் ரூம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பர்மிட் 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் மிச்சம். ஒரு சட்டம் உண்மையில் எதைப் பற்றியது, அதை இயற்ற மத்திய அரசுக்கு அதிகாரமா மாகாணத்துக்கா என்று நீதிமன்றம் பார்க்கும் முறைக்கு ‘பித் அண்ட் சப்ஸ்டன்ஸ்’ என்று பெயர். அந்தச் சொற்றொடரை விளக்க அந்தச் சட்டமே நல்ல எடுத்துக்காட்டு.

ஆங்கிலத்தில் ‘பித்’ என்பது செடித்தண்டின் நடுவில் இருக்கும் சதை. ‘சப்ஸ்டன்ஸ்’ என்றால் உள்ளடக்கம். இது நீதிமன்றச் சொல்லாக வேரூன்றியது கனடா வழக்குகளில்தான். சீனத் தொழிலாளர் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்யக்கூடாது என்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் சட்டம் போட்டது. பார்வைக்கு அது சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம். ஆனால் உள்ளே இருப்பது அயல்நாட்டார் பற்றிய விஷயம், அது மத்திய அரசின் அதிகாரம் என்று அப்போது கனடா வழக்குகளுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1899இல் அதைச் செல்லாதாக்கியது.

பம்பாய்க்கு வருவோம். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி எந்தத் துறையில் யார் சட்டம் போடலாம் என்று பட்டியல்கள் பிரித்துச் சொல்லின. மதுவின் உற்பத்தி, கைவசம், விற்பனை எல்லாம் மாகாணப் பட்டியலில் இருந்தன. சுங்க எல்லை தாண்டும் இறக்குமதி மத்தியப் பட்டியலில் இருந்தது. மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்ட பால்சரா என்பவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டு மதுவை வாங்கவோ வைத்திருக்கவோ விடாவிட்டால் இறக்குமதியே அர்த்தமற்றுப் போகும், ஆகவே மாகாணம் மத்திய அரசின் துறைக்குள் கால் வைக்கிறது என்பது வாதம்.

உச்ச நீதிமன்றம் 1951இல் இதை ஏற்கவில்லை. வந்து இறங்கிய சரக்கை வைத்திருப்பதும் விற்பதும் இறக்குமதி ஆகாது என்றது. சட்டத்தை முழுசாகப் படித்து, எதற்காகப் போட்டார்கள், எதுவரை நீள்கிறது, என்ன விளைவு என்று பார்த்தால் அதன் உட்பொருள் மது. இறக்குமதி கொஞ்சம் பாதிக்கப்படுவது அதன் பக்கவிளைவு. அதற்காகச் சட்டம் விழாது. சட்டத்தின் தலைப்பு இதில் கணக்கில்லை. அடுத்தவர் துறைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள், ஆனால் அதுவும் உட்பொருளைக் கண்டுபிடிக்கத்தான்.

பால்சரா வெறுங்கையோடு போகவில்லை. ஆல்கஹால் கலந்த மருந்துகள், ஓடிகொலோன் போன்றவற்றுக்கான தடை செல்லாது என்றானது. ஆனால் அதற்குக் காரணம் அடிப்படை உரிமை, பட்டியல் இல்லை. இரண்டையும் குழப்புபவர்கள் நிறைய.

தமிழில் ‘சாராம்சக் கோட்பாடு’ என்று சொல்லலாம். எனக்கு ‘உட்பொருள் சோதனை’ பிடிக்கும், நீதிபதி செய்கிற வேலையை அது சொல்கிறது. ‘முரண்பாடு’ என்பது வேறு. நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம் இரண்டுக்குமே அதிகாரம் உள்ள பொதுப் பட்டியலில் இரு சட்டங்கள் மோதினால் வருவது அது. அதற்கு அரசமைப்பின் 254ஆம் பிரிவு இருக்கிறது. உட்பொருள் சோதனை அதற்கு முந்தைய கேள்வி: இந்தச் சட்டத்தை இயற்ற அந்த அவைக்கு முதலில் அதிகாரம் இருந்ததா?