‘விளக்கு’ என்றால் எரிய வேண்டும், ‘விளக்கம்’ என்றால் எரியக் கூடாது

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நடக்க முடியாத தந்தைக்காக, ‘விளக்கு’ என்று சொன்னால் எரியும் சுவிட்சு ஒன்றைச் செய்திருக்கிறார். இணையம் இல்லை, மைக் பொருத்திய சிறிய மின்சுற்றுப் பலகை மட்டுமே. தந்தை அழைத்தால் விளக்கு எரிகிறது. ஆனால் தொலைக்காட்சிச் செய்தியில் “அமைச்சர் விளக்கம் அளித்தார்” என்றாலும் எரிகிறது. “இது பேச்சைப் புரிந்துகொள்கிறதா, இல்லையா?” என்று கேட்கிறார்.

புரிந்துகொள்வதில்லை. பேச்சு முழுவதையும் எழுத்தாக்கி, அதில் ‘விளக்கு’ இருக்கிறதா என்று தேடும் வேலை அங்கே நடப்பதே இல்லை. அதற்கு வேண்டிய நினைவகம் அந்தப் பலகையில் கிடையாது. அது கடைசி ஒரு வினாடி ஒலியை மட்டும் கையில் வைத்திருக்கிறது. வினாடிக்கு 16,000 அளவீடுகள், ஒவ்வொன்றும் 2 பைட், ஆக 32,000 பைட். புதிய ஒலி வர வர, பழையது அழிகிறது.

இந்த ஒரு வினாடியை 30 மில்லிவினாடித் துண்டுகளாக, 20 மில்லிவினாடிக்கு ஒன்று என்று ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று 40 பட்டைகளில் அளக்கிறார்கள். கிடைப்பது 49 வரிசை, 40 நிரல் கொண்ட ஒரு சிறிய படம். எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்ற கணினி நிரலான சிறிய நரம்பு வலைப்பின்னல் ஒன்று அந்தப் படத்தைப் பார்த்து, ‘இது அந்தச் சொல்தான்’ என்பதற்கு 0 முதல் 255 வரை மதிப்பெண் தருகிறது. சிறு கருவிகளில் இத்தகைய வலைப்பின்னலை ஓட்டும் மென்பொருளான டென்சர்ஃப்ளோ லைட் மைக்ரோவின் எடுத்துக்காட்டு நிரலில் இந்த வலைப்பின்னலின் அளவு ஏறத்தாழ 18 கிலோபைட்தான்.

இதுவரை எளிது. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

வினாடிக்கு 10 முறை மதிப்பெண் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 8,64,000 முறை. ஆயிரத்தில் ஒரு முறை மட்டுமே தவறினாலும், விளக்கு ஒரே நாளில் 864 தடவை தானாக எரியும். தேர்வில் 99.9 சதவீதம் வாங்கிய கருவியை வீட்டில் வைத்திருக்க முடியாது.

இதிலிருந்து தப்பும் வழி மிக அழகானது. ஓடும் ரயிலின் ஜன்னலில் ஒரு பனைமரம் முன் ஓரத்தில் தோன்றி, நடுவுக்கு வந்து, பின் ஓரத்தில் மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அரை வினாடி நீளமுள்ள ‘விளக்கு’ என்ற சொல்லும் ஒரு வினாடி ஜன்னலை அப்படித்தான் கடக்கிறது. ஏறத்தாழ அரை வினாடி நேரம் அது முழுதாக உள்ளே இருக்கும். பயிற்சியின்போதே சொல்லை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டியிருப்பதால், அது எந்த இடத்தில் இருந்தாலும் வலைப்பின்னல் அடையாளம் காணும். மதிப்பெண்கள் 190, 235, 240, 238, 221 என்று தொடர்ந்து உயரத்தில் நிற்கும். ஐந்தின் சராசரி 225.

பாத்திரம் ஒன்று கீழே விழுந்தால்? அந்தச் சத்தமும் ஜன்னலைக் கடக்கும். ஆனால் அதன் வடிவம் ஏதோ ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் தற்செயலாகச் சொல்லை ஒத்திருக்கும். ஒரு பத்தில் ஒரு வினாடி நகர்ந்ததும் ஒற்றுமை கலைந்துவிடும். 12, 20, 240, 15, 8. சராசரி 59. எல்லையை 200 என்று வைத்தால் பாத்திரம் தோற்கிறது, சொல் வெல்கிறது. ஒரு கணத்தின் தீர்ப்பை நம்பாமல், நகர்ந்தும் நிலைக்கிறதா என்று பார்ப்பதுதான் இதன் உயிர்.

வெற்றி அறிவித்ததும் ஒன்றரை வினாடிக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அழைப்பு இரண்டாவது முறையும் எண்ணப்பட்டுவிடும்.

‘விளக்கம்’ ஏன் ஏமாற்றுகிறது என்பது இப்போது தெரிகிறது. அது தற்செயல் ஒற்றுமை அல்ல. ‘விளக்’ வரை இரண்டு சொற்களும் ஒன்றே, எனவே ஜன்னலின் எந்த இடத்திலும் மதிப்பெண் உயரத்திலேயே நிற்கும். சராசரி இங்கே உதவாது. பயிற்சியிலேயே ‘விளக்கம்’, ‘வழக்கு’, ‘விலக்கு’ ஆகியவற்றைப் பலர் குரலில் பதிந்து, ‘இவை அல்ல’ என்று கற்பிக்க வேண்டும்.

2018இல் கூகுளின் பீட் வார்டன் விவரித்த ஸ்பீச் கமாண்ட்ஸ் என்ற குரல் பதிவுத் தொகுப்பில் 35 ஆங்கிலச் சொற்களுக்கு 1,05,829 பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தன்னார்வலர்கள் தம் இடத்திலிருந்தே பேசிக் கொடுத்தவை. தமிழுக்கு இதைச் செய்ய மாபெரும் ஆய்வகம் வேண்டாம். ஊருக்கு ஊர் ‘ள’வும் ‘ழ’வும் மாறும் நம் பேச்சைச் சேகரிக்கக் கல்லூரிகளுக்குச் சிறிய நிதி ஒதுக்கினால் போதும். விழாக்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு துளிகூட இதற்கு வராதது எனக்கு வருத்தம்.

வாசகர் இப்போதே செய்யக்கூடியது, அழைப்பை ‘விளக்கைப் போடு’ என்று நீட்டுவது. நீளமான அழைப்பைத் தற்செயலாக ஒத்திருப்பது கடினம். பின்பகுதியும் ‘விளக்கம்’ என்பதிலிருந்து விலகி நிற்கும். புதிய அழைப்புக்கு மறுபடி பயிற்சி தர வேண்டும், ஜன்னலையும் ஒன்றரை வினாடியாக்க வேண்டும். பிறகு பத்து மணி நேரம் செய்தியை ஓடவிட்டு, எத்தனை முறை வீணாக எரிகிறது என்று எண்ணுங்கள். அடுத்து, தந்தை படுத்திருக்கும் இடத்திலிருந்து, அவர் குரலிலேயே 50 முறை அழைக்கச் சொல்லி, எத்தனை முறை எரியவில்லை என்று எண்ணுங்கள். எல்லையை 200இலிருந்து உயர்த்தினால் முதல் எண் குறையும், இரண்டாவது கூடும். படுக்கையில் இருப்பவருக்கு வீணாக எரிவதைவிட எரியாமல் போவதுதான் பெரிய துன்பம். அதனால் இரண்டாவது எண்ணை முதலில் குறையுங்கள்.