புயலுக்கு வலக்கைப் பழக்கம்

1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவைத் தாக்கிய புயல் கரையேறியது சீராலா அருகே. ஆனால் அதிகம் பேர் மாண்டது அங்கிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர் கிழக்கே, கிருஷ்ணா ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் திவிசீமாவில். அங்கே கடல் சுமார் 5 மீட்டர் எழும்பி ஊர்களுக்குள் புகுந்தது. வரைபடத்தில் கரையேறும் புள்ளியை மட்டும் பார்த்திருந்தால் திவிசீமா தள்ளி இருப்பதாகவே தோன்றியிருக்கும். அது புயலின் வலப்பக்கத்தில் இருந்தது, அதுதான் விஷயம்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். சுற்றிக்கொண்டே நகரவும் செய்யும். வலப்பக்கத்தில் சுழலும் காற்றும் புயலின் நகர்வும் ஒரே திசையில் போவதால் வேகம் கூடுகிறது. இடப்பக்கத்தில் இரண்டும் எதிரெதிராகப் போவதால் குறைகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுழற்சி மாறுவதால் அங்கே இடப்பக்கமே பலமானது.

இதைக் கணக்குப் போடும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். அறிக்கையில் 120 கிலோமீட்டர் காற்று, 20 கிலோமீட்டர் நகர்வு என்று இருந்தால் இரண்டையும் கூட்டி 140 என்று பரப்பிவிடுகிறார்கள். அறிக்கை சொல்வது புயலில் எங்கேயாவது வீசும் அதிகபட்சக் காற்றை. நகர்வின் பங்கு அதற்குள்ளேயே அடக்கம். அதோடு, தரையருகே நகர்வு வேகம் முழுதாகக் கூடுவதில்லை, ஏறக்குறைய பாதிதான் கூடும். ஆக வலப்பக்கம் 120 என்றால் சுழற்சியின் பங்கு 110, இடப்பக்கம் 100 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் இருபதுதானே என்று தோன்றும். காற்று ஓட்டுக்கூரையிலும் தென்னையிலும் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், வலப்பக்கத்து அழுத்தம் இடப்பக்கத்தைப் போல 1.44 மடங்கு.

கரையை நெருங்கும்போது இன்னொரு காரணமும் சேர்கிறது. மேற்கு நோக்கி வந்து தமிழகக் கரையைத் தொடும் புயலை எடுத்துக்கொள்வோம். அதன் வலப்பக்கம் வடக்கு. அங்கே காற்று கொண்டலாக, அதாவது கீழ்க்காற்றாக, கடலிலிருந்து வருகிறது. வழியில் மரமோ கட்டடமோ இல்லை, வேகம் குறையாமல் வந்து அடிக்கும், தண்ணீரையும் கரையை நோக்கித் தள்ளும். தெற்கே கச்சான் என்னும் மேல்காற்று நிலத்தின் மேல் உரசி வேகம் இழந்து வந்து தண்ணீரைக் கடலுக்குத் தள்ளும். திவிசீமாவில் நடந்ததும் இதே கணக்குத்தான். அந்தப் புயல் வடவடமேற்காகப் போனது, அதனால் அதன் வலப்பக்கம் கிழக்கு. அங்கே தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடித்த காற்று கடலைத் தாழ்வான கழிமுகத்துக்குள் திணித்தது.

எந்தப் பக்கம் வலப்பக்கம் என்பதில்தான் பெரிய குழப்பம். சென்னைக் கடற்கரையில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு வடக்கு இடக்கைப் பக்கம். வரும் புயலுக்கோ அதுவே வலக்கை. நாமும் புயல் போகும் திசையில் முகம் வைத்து, கடலுக்கு முதுகு காட்டி நின்று பார்க்க வேண்டும். புயல் வழியில் திரும்பினால் கணக்கும் திரும்பும். வடக்கே வளைந்து போகும் புயலுக்குக் கிழக்குதான் வலப்பக்கம். காலையில் பார்த்ததை மாலையில் அப்படியே சொல்லக் கூடாது.

அறிக்கை கிடைக்காத இடத்தில், படகில் இருந்தாலும், காற்றே சொல்லிவிடும். படகு நின்ற இடத்தில் நிற்கும்போது காற்றின் திசை வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று வலஞ்சுழியாக மாறினால் நீங்கள் பாதையின் வலப்பக்கம். வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று இடஞ்சுழியாக மாறினால் இடப்பக்கம். திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் புயல் நேராக உங்கள் மேல் வருகிறது. படகு ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

இடப்பக்கம் பாதுகாப்பானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கண்ணைச் சுற்றியிருக்கும் மேகச்சுவர் எந்தப் பக்கம் உரசினாலும் கூரையைப் பிடுங்கும். புயல் ஊர்ந்து வந்தால் பக்க வித்தியாசமே மங்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் அங்கேயே பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்றது. அங்கே பிரச்சினை காற்றின் பக்கம் அல்ல, ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டிய மழை.

வடகிழக்குப் பருவத்தில் வேறொன்றும் நடக்கும். வடக்கே நிற்கும் உயர் அழுத்தத்துக்கும் புயலுக்கும் நடுவில் அழுத்த வேறுபாடு நெருக்கமாக இருப்பதால், நகர்வு குறைவாக இருந்தாலும் வடக்குப் பக்கம் பலத்த காற்று அகலமாகப் பரவியிருக்கும். அதனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையில் கண்ணின் இடத்தோடு நிறுத்தாமல், 28, 34, 50, 64 நாட் வேகக் காற்று வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு என ஒவ்வொரு கால்பகுதியிலும் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற அட்டவணையையும் பாருங்கள். உங்கள் ஊர் எந்தக் கால்பகுதியில், எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.