கையிருப்பா, ஒதுக்கா? டொலர்க் கணக்கில் இரண்டு சொற்கள்

இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளில் ‘மொத்த அலுவல்சார் ஒதுக்குகள்’ என்றொரு தொடர் வரும். வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமா அதைப் பேப்பரில் வாசித்துவிட்டு, “ஒதுக்கினது என்றால் ஆருக்கு ஒதுக்கினது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒதுக்கு என்றதும் பட்ஜெட்டில் கல்விக்கு இவ்வளவு, வீதிக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு நாளிதழ்கள் இதையே ‘அந்நியச் செலாவணிக் கையிருப்பு’ என்று எழுதுகின்றன. எனக்கு அதுதான் பிடிக்கும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் செலாவணி. புழக்கத்தில் செல்லுகிற பணம் என்பது இதன் பொருள். கடைக்காரர் வாங்க மறுப்பதைச் செல்லாக் காசு என்கிறோமே, அதற்கு நேர் எதிரானது. அந்நியச் செலாவணி என்றால் பிற நாட்டாரிடமும் செல்லுபடியாகும் பணம். நம் ரூபாய் செட்டியார் தெருவில் செல்லும். எண்ணெய்க் கப்பல் அனுப்புகிறவரிடம் செல்லாது. அவருக்கு டொலர் வேண்டும்.

அந்த டொலர் மத்திய வங்கிக்கு எப்படி வருகிறது? கட்டாரில் வேலை செய்பவர் அனுப்புவதும், தேயிலை விற்றுக் கிடைப்பதும் முதலில் வணிக வங்கிகளுக்குத்தான் போகின்றன. மத்திய வங்கி அங்கிருந்து ரூபாய் கொடுத்து வாங்குகிறது. மற்றது, அரசு வெளிநாட்டில் வாங்கும் கடனாக வருகிறது. ஆகவே இந்தப் பணத்தை அரசாங்கத்தின் சேமிப்பு என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு டொலருக்கும் எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே கொடுத்த ரூபாயோ, திருப்பித் தரவேண்டிய கடனோ நிற்கிறது.

வைத்திருப்பதன் நோக்கம் எளிது. ஏற்றுமதி வருமானம் குறைந்த மாதத்திலும் மருந்தும் எரிபொருளும் வரவேண்டும், கடன் தவணை கட்டவேண்டும், ரூபாய் ஒரேயடியாகச் சரிந்தால் சந்தையில் டொலர் விற்றுத் தாங்கவேண்டும். எந்த நாள் தேவைப்படும் என்று தெரியாததால் முதலீடும் அதற்கேற்பவே அமையும்: குறுகிய கால அமெரிக்கத் திறைசேரிப் பத்திரங்கள், பிற மத்திய வங்கிகளில் வைப்பு, கொஞ்சம் தங்கம். முதல் போகக் கூடாது, கேட்டவுடன் காசாக வேண்டும்; வட்டி மூன்றாவது இடத்தில்தான்.

‘கையிருப்பு’ என்ற சொல்லின் அருமை 2021 டிசம்பரில் தெரிந்தது. நவம்பர் முடிவில் இலங்கையிடம் இருந்தது சுமார் 1.6 பில்லியன் டொலர். டிசம்பர் முடிவில் அது 3.1 பில்லியன். ஒரே மாதத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு! ஏற்றுமதியா கூடியது? இல்லை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம்கூட முந்தைய ஆண்டின் 7.1 பில்லியனிலிருந்து 5.5 பில்லியனாக இறங்கியிருந்தது. வங்கி ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் தர, வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர் அதைவிடக் கூடத் தந்தார். சனம் உண்டியலில் அனுப்பியது. இதில் ஆரைக் குறை சொல்வது?

கூடிய ஒன்றரை பில்லியன் சீன மக்கள் வங்கியுடனான பரிமாற்றல் ஏற்பாட்டில் வந்த 10 பில்லியன் யுவான். நாம் நம் ரூபாயை அவர்கள் கணக்கில் வைப்போம், அவர்கள் தங்கள் யுவானை நம் கணக்கில் வைப்பார்கள். கணக்கேட்டில் சொத்துத்தான். ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான இருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்ற நிபந்தனை இருந்ததாக, 2022 ஏப்ரலில் ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். மழை விட்ட பிறகுதான் விரியும் குடை.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2021இல் பொருள் இறக்குமதி சுமார் 20.6 பில்லியன் டொலர், மாதத்துக்கு 1.7. அறிவித்த 3.1ஐ வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குக் காணும். யுவானைக் கழித்தால் ஒரு மாதத்துக்கே காணாது. அந்த நிலையில், 2022 ஜனவரி 18 அன்று முதிர்ந்த சர்வதேச முறி என்ற கடன் பத்திரத்துக்கு 500 மில்லியன் டொலர் கட்டினோம். மார்ச் 7 அன்று டொலருக்கு ஏறக்குறைய 200 என்று ரூபாயைப் பிடித்துவைப்பது கைவிடப்பட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசைகள் எங்களுக்குத் தெரிந்தவைதானே.

ஒதுக்கு என்றால் அந்த யுவானும் ஒதுக்குத்தான். கையிருப்பு என்றால் ‘கையில் இருக்கிறதா?’ என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது மாதத் தரவு வரும்போது தொகையோடு நின்றுவிடாமல், சீனப் பரிமாற்றலும் இதில் அடங்குமா, அதன் பயன்பாட்டுக்கு நிபந்தனை உண்டா என்று குறிப்பையும் வாசியுங்கள். அப்புறம், அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கட்டவேண்டிய வெளிநாட்டுக் கடனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறக்குமதி மாதக் கணக்கைவிட அதுதான் கூடுதலாக உண்மை பேசும்.

அடுத்த சொல் ‘சொவரின் வெல்த் ஃபண்ட்’. ஒரு நாடு தனக்கு மிஞ்சும் வருமானத்தை நீண்ட காலத்துக்கு முதலீடு செய்து வைக்கும் நிதியம் அது. இந்தப் பெயரை 2005இல் அன்ட்ரூ ரொசானொவ் என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பொருள் அதைவிடப் பழையது: குவைத் தன் எண்ணெய்ப் பணத்துக்கு 1953இலேயே ஒரு முதலீட்டுச் சபை வைத்துவிட்டது, அதுவும் சுதந்திரம் கிடைக்க எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே. சொவரின் என்பதற்கு இந்தியத் தமிழில் இறையாண்மை, நம் அரசியலமைப்பில் இறைமை. தமிழ்நாட்டார் நகைக்கடையில் சொல்லும் ‘சவரன்’ என்பதும் இதே சொவரின்தான். பிரித்தானியத் தங்க நாணயத்தின் பெயர். நாம் பவுண் என்கிறோம்.

‘இறையாண்மைச் செல்வ நிதி’ என்று எழுதினால் சரியான பெயர்ப்புத்தான், ஆனால் அரசியலமைப்பு வாடை அடிக்கிறது. ‘அரச செல்வ நிதியம்’ என்றால் அமைச்சர்களின் பணப்பை போல் தொனிக்கிறது. நான் ‘நாட்டுச் செல்வ நிதியம்’ என்று எழுதுவேன்.

கையிருப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு நோர்வேயைப் பார்த்தாலே போதும். எண்ணெய் வருமானத்திலிருந்து 1996இல் முதல் தொகை போடப்பட்ட நிதியம் அவர்களுடையது. அதை நிர்வகிப்பது நோர்வே மத்திய வங்கி. அதே வங்கி தன் செலாவணிக் கையிருப்பையும் தனியாக வைத்திருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பெட்டி. நிதியப் பணத்தில் ஏறத்தாழ எழுபது வீதம் பங்குகளில் இருக்கிறது, எல்லாமே நோர்வேக்கு வெளியே. உள்நாட்டுக்குள் கொட்டினால் குரோனின் மதிப்பு ஏறி, மீனும் இயந்திரமும் ஏற்றுமதி செய்கிறவர்கள் நொடித்துப்போவார்கள். 2008இல் இந்த நிதியம் 23.3 வீதம் நட்டப்பட்டது. விற்று ஓடாமல் விலை இறங்கிய பங்குகளை மேலும் வாங்கினார்கள், ஏனென்றால் அது நாளைக்கே வேண்டிய பணம் இல்லை. கையிருப்பு அப்படி நட்டப்பட்டிருந்தால் அடுத்த கப்பலுக்குக் காசு கட்ட முடியாமல் போயிருக்கும்.

இதைச் சொன்னதும் மாமா, “அப்ப நாங்களும் ஒன்று தொடங்கலாமே, ஈபிஎஃப் காசு இருக்குத்தானே?” என்றார். ஊழியர் சேமலாப நிதி அங்கத்தவர்களின் காசு. அறுபது வயதில் மாமாவுக்கே திருப்பித் தந்ததுதான். செலவுபோக மிஞ்சும் வருமானமும் நம்மிடம் இல்லை. கடன் வாங்கிய டொலரைப் பங்குச் சந்தையில் போட்டால் அந்தப் பெட்டிக்குச் செல்வ நிதியம் என்ற பெயர் பொருந்தாது. “அப்ப அதுக்கு என்ன பேர்?” என்றார். இன்னும் ஒரு நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை.